‘பயப்படாதீங்க’ என்று சொல்லாதீர்கள்

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்கள் மூவர் 1993-இல் ஒரு செய்முறையை வெளியிட்டார்கள். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவரைச் சில நிமிடங்களில் கடும் பதற்றத்துக்குள் தள்ளுவது எப்படி என்பதுதான் அது. மின் அதிர்ச்சியோ மிரட்டலோ கிடையாது. வந்தவரிடம், ‘நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர் என்று இந்தக் குழுவிடம் பேசுங்கள்’ என்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் குழுவினர் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள், குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார்கள். பேச்சு நின்றுவிட்டால் அவர்களும் பேசாமல் பார்ப்பார்கள். பிறகு, ‘உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது’ என்று மட்டும் சொல்வார்கள். அது முடிந்ததும் 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாக மனக்கணக்கில் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். ஒரு தவறு வந்தால் மறுபடியும் 1022.

இதில் பங்கெடுத்தவர்களின் உடலில் கார்டிசால் என்னும் பதற்றச் சுரப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. மனிதரைப் பதறவைத்துச் சோதிக்க உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் இன்றைக்கும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகின்றன.

முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வதற்கு அந்தக் குழுவினருக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. நம் ஊர் நேர்காணல் அறைகளில் அந்தப் பயிற்சி யாருக்கும் தேவைப்படுவதில்லை.

இதே செய்முறையை 2013-இல் ஜெர்மனியின் போகும் நகரத்து ஆய்வாளர்கள் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். பேசச் சொல்வது உண்டு, எதிரே ஆட்கள் உண்டு. ஆனால் அந்த ஆட்கள் புன்னகைத்தார்கள், தலையாட்டினார்கள், பேச்சில் கலந்துகொண்டார்கள். மனக்கணக்கை எடுத்துவிட்டார்கள். கார்டிசால் ஏறவில்லை. முன்பின் தெரியாதவர் முன் உட்கார்ந்து பேசுவது மட்டுமே நம்மைக் குலைத்துவிடுவதில்லை என்பது இதிலிருந்து புரிகிறது. எதிரே இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் நிறைய இருக்கிறது.

சரியாக எது குலைக்கிறது? 2004-இல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை நடந்திருந்த 208 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இரண்டு விஷயங்கள் சேரும்போதுதான் பதற்றச் சுரப்பு மிக அதிகமாக ஏறுகிறது என்று கண்டார்கள். ஒன்று, பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற நிலை. மற்றொன்று, நடப்பது எதுவும் நம் கையில் இல்லை என்ற நிலை. நேர்காணலில் எடைபோடுவதைத் தவிர்க்க முடியாது, அதற்காகத்தானே கூப்பிட்டிருக்கிறோம். இரண்டாவதை மட்டும் நம்மால் பெருமளவு எடுத்துவிட முடியும். நேர்காணல் நடத்துபவர் முதலில் பேசும் நாலைந்து வாக்கியங்களின் வேலை அதுதான்.

ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் ஆறுதல் சொல்கிறார்கள். “பயப்படாதீங்க”, “ரிலாக்ஸா இருங்க”, “ஏன் இவ்ளோ டென்ஷன்?” எல்லாம் நல்ல மனதோடு சொல்வதுதான். கேட்பவரோ, நம் பயம் வெளியே தெரிந்துவிட்டது, அதையும் இவர் கவனித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்கிறார். இதுவரை ஒரு கவலை, இனி இரண்டு. “இது சும்மா ஒரு பேச்சுதான்” என்பது இன்னும் மோசம். அப்படிச் சொன்ன வாயோடு மதிப்பெண் தாளை முன்னால் இழுத்து வைத்தால், வந்தவருக்கு நம்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

ஆறுதலையும் தகவலையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-இல் வெளியிட்டது. மேடையில் பேசவிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், பதற்றம் எல்லோருக்கும் வருவதுதான், கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம், உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்ற உண்மையை விளக்கிச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டம் மேலாகப் பேசியது. பேசியவர்களும் அப்படி உணர்ந்தார்கள், கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். கவலைப்படாதே என்று மட்டும் கேட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தகவல்தான் உதவியது.

அப்படியானால் என்ன தகவலைச் சொல்வது? ஒரு கற்பனை நேர்காணலை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தரத் தொழிற்சாலை. வேலை, குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வந்திருப்பவர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பெண். உடுமலைப்பேட்டையிலிருந்து காலையில் பஸ் ஏறியவர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எதிரே இரண்டு பேர்: ப்ரொடக்ஷன் மேனேஜர், எச்.ஆர். அதிகாரி.

அவர் உள்ளே வரும்போது மேனேஜர் பயோடேட்டாவைப் புரட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதை முன்பே படித்து முடித்திருக்க வேண்டும். குனிந்து படிக்கும் அந்த அரை நிமிட மௌனம்தான் வருபவருக்கு நாள் முழுவதிலும் நீளமான அரை நிமிடம். “உக்காருங்க” என்ற வார்த்தைக்காக நின்றுகொண்டே இருப்பவர்கள் நம் பிள்ளைகள். ஆகவே அதை உடனே சொல்லிவிட வேண்டும். நீ, வா, போ வேண்டாம். பாசமாகச் சொல்லும் ‘வாம்மா’கூட இங்கே ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் வைத்துவிடுகிறது. மேனேஜர் தன் பெயரைச் சொல்லிவிட்டு இப்படித் தொடங்கலாம்:

“நான் இங்க ப்ரொடக்ஷன் மேனேஜர். நீங்க சேர்ந்தா என் டிபார்ட்மென்ட்லதான் வேலை செய்வீங்க. இவங்க எச்.ஆர். மேடம். மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம் பேசப் போறோம். முதல்ல நீங்க படிச்சதப் பத்திக் கேட்பேன். அப்புறம் ஒரு பார்ட்டும் அதோட ட்ராயிங்கும் கொடுப்பேன், அளந்து பாத்து சொல்லணும். கடைசி அஞ்சு நிமிஷம் உங்களுக்கு. சம்பளம், ஷிப்ட், கம்பெனி பஸ், எது வேணா எங்களக் கேளுங்க.”

இதில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விகளில் பாதி அடங்கிவிடும். இவர்கள் யார், இது எவ்வளவு நேரம் ஓடும், எங்கே மாட்டிக்கொள்வேன், முடிவில் என்ன ஆகும் என்று தெரிந்தாயிற்று. அளந்து பார்க்கும் சோதனை ஒன்று வரப்போகிறது என்பதை மறைக்காமல் சொல்வதால் பதற்றம் கூடிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். எப்போது வரும் என்று தெரிந்த சோதனைக்கு ஒருவர் தன்னைத் தயார் செய்துகொள்ள முடியும். எந்த நிமிடமும் எதுவும் வரலாம் என்றால் இருபத்தைந்து நிமிடமும் விறைத்தே உட்கார்ந்திருப்பார்.

அடுத்து, பேனா. ட்ரியர் குழு செய்த காரியங்களில் நம்மால் விட முடியாதது குறிப்பெடுப்பது. ஒரே நாளில் பத்துப் பேரைப் பார்க்கும்போது எழுதாவிட்டால் மாலையில் முகங்கள் குழம்பிவிடும். அதனால் எழுதத்தான் வேண்டும், காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்: “நீங்க பேசும்போது நான் குனிஞ்சு எழுதிட்டிருப்பேன். நல்ல பதிலயும் எழுதுவேன், சாயந்திரம் மறந்துடக் கூடாதில்ல. அதப் பாத்து எதுவும் நினைச்சுக்காதீங்க.” இதைச் சொல்லாவிட்டால், பேனா அசையும்போதெல்லாம் தான் தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார்.

மூன்றாவதாக, அனுமதிகள். “யோசிக்கணும்னா நேரம் எடுத்துக்கோங்க, நாங்க காத்திருப்போம். கேள்வி புரியலைன்னா திருப்பிக் கேளுங்க, மார்க் குறையாது. தமிழ்லயே பேசலாம். ட்ராயிங்ல இருக்கற இங்கிலீஷ் வார்த்தைகளப் படிக்கத் தெரிஞ்சாப் போதும்.” கிராமத்துப் பள்ளியிலிருந்து வருபவர்களின் பயத்தில் பெரும் பங்கு பாடத்தைப் பற்றியது அல்ல, ஆங்கிலத்தைப் பற்றியது. பதில் தெரிந்திருந்தும் வாக்கியம் கட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த அனுமதி உண்மையாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை என்றால் தமிழில் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஆங்கிலத்துக்காகக் கழிப்பது ஏமாற்று. அங்கே, “முதல் பத்து நிமிஷம் தமிழ்ல பேசலாம், அப்புறம் பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல பேசிப் பாப்போம்” என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

இவ்வளவையும் சொல்லி முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகாது.

இனி முதல் கேள்வி. வழக்கமாக இங்கே வருவது, “உங்களப் பத்திச் சொல்லுங்க”. கேட்பவருக்கு எளிது, பதில் சொல்பவருக்கு இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதைச் சொன்னால் பிடிக்கும் என்று எதுவும் தெரியாது. மனப்பாடம் செய்த நாலு வரி வரும், அல்லது திணறல் வரும். இரண்டிலிருந்தும் நமக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. முதல் கேள்விக்கு மூன்று குணங்கள் இருக்க வேண்டும். பதில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதில் சரி, தவறு என்று எதுவும் இருக்கக் கூடாது. வேலையோடு ஒட்டியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அங்கிருந்து அடுத்த கேள்விக்கு வழுக்கிக்கொண்டு போகலாம்.

நம் மேனேஜர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “உங்க காலேஜ் மெட்ராலஜி லேப்ல என்னென்ன கருவி இருந்தது?” கண் முன்னால் அந்த மேசையைக் கொண்டுவந்தால் போதும். வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர், ஸ்லிப் கேஜ், டயல் கேஜ் என்று ஒவ்வொன்றாக வரும். “ஒரு கருவிக்கு எத்தன பேர்?” நாலு பேர் என்பார். “அப்ப நீங்க கையில எடுத்து அளந்தது எது?” மூன்றாவது கேள்வியிலேயே நேர்காணல் தொடங்கிவிட்டது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

இத்தனை செய்தும் சிலர் உறைந்துபோவார்கள். “வெர்னியரோட லீஸ்ட் கவுன்ட் என்ன?” என்று கேட்டதும் நம் பெண்ணுக்கு வாயடைத்துவிட்டது. டிப்ளமோவின் தொடக்கத்திலேயே படித்த சங்கதி. இந்த இடத்தில் “இது கூடத் தெரியலையா?” என்றால் அதோடு எல்லாம் முடிந்தது. மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ட்ரியர் ஆய்வுக்கூடம்தான். “பரவாயில்ல, விடுங்க” என்றால் அந்த மதிப்பெண் போய்விட்டது என்று அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். மேசையில் இருக்கும் வெர்னியரை எடுத்து அவர் கையில் கொடுப்பதுதான் சரியான வழி. “அந்தக் கேள்விக்கு அப்புறம் வரலாம். இந்த ஷாஃப்டோட விட்டத்த அளங்க, அளக்கும்போது என்ன செய்றீங்கன்னு சொல்லிக்கிட்டே செய்ங்க.”

கருவி கைக்கு வந்ததும் விரல்கள் தாடையைத் தள்ளும், ஷாஃப்டைப் பிடிக்கும், கண் மெயின் ஸ்கேலுக்குப் போகும். வாய் மறந்ததைக் கை மறந்திருக்காது. வெர்னியரில் ஐம்பது கோடுகள் நாற்பத்தொன்பது மில்லிமீட்டரில் அடங்கியிருக்கின்றன. அப்படியானால் ஒரு கோட்டின் அகலம் 0.98, மெயின் ஸ்கேலின் ஒரு மில்லிமீட்டரிலிருந்து அதைக் கழித்தால் 0.02. அளந்துகொண்டிருக்கும்போதே அவர் தானாக நிமிர்ந்து, “சார், லீஸ்ட் கவுன்ட் பாயின்ட் ஜீரோ டூ” என்று சொல்ல வாய்ப்புண்டு. சொல்லாமலும் போகலாம். அளக்கவும் தெரியவில்லை என்றால் அது பதற்றம் அல்ல, தெரியாமைதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிவதுதான் நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபம்.

பதற்றம் தணிந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கப் பெரிய உளவியல் அறிவு வேண்டாம். பதில்களின் நீளத்தைப் பாருங்கள். “ஆமா சார்”, “இல்ல சார்” என்று வந்தவை இரண்டு மூன்று வாக்கியங்களாக நீண்டால் சரி. கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறாரா? நாம் சொன்னதில் புரியாததைத் திருப்பிக் கேட்கிறாரா? இந்த இரண்டில் ஒன்று நடந்த பிறகு கடினமான கேள்விகளுக்குப் போகலாம். கை நடுக்கத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், சிலருக்கு அது கடைசிவரை இருக்கும்.

தொடக்கப் பேச்சில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. சகஜமாகப் பேசுகிறோம் என்ற நினைப்பில் நாம் முதலில் தொடுவது வீட்டை. “அப்பா என்ன பண்றாரு?” “சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” “குலசாமி எங்க இருக்கு?” கேட்பவருக்கு இது வெறும் பேச்சாக இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இவை எங்கே போய் நிற்கின்றன என்று நன்றாகத் தெரியும். தெருவின் பெயரும் குலசாமியின் பெயரும் சாதியைச் சொல்லிவிடும். அப்பா துப்புரவுத் தொழிலாளி, அல்லது அப்பாவே இல்லை என்றால் அந்தப் பிள்ளை முதல் நிமிடத்திலேயே சுருங்கிவிடும். “கல்யாணம் எப்போ?” என்ற கேள்வி பெண்களிடம் மட்டும் கேட்கப்படுகிறது. அதற்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் தனக்கு எதிராகத் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். தயக்கத்தைப் போக்குவதாக நினைத்துக் கேட்கும் கேள்விகளில் இவற்றைவிடக் கெடுதலானவை இல்லை என்பது என் கருத்து. ஊர்ப் பேச்சு வேண்டும் என்றால் பயணத்தைக் கேளுங்கள்: “உடுமலையிலிருந்து எந்த பஸ்ல வந்தீங்க, உக்கார இடம் கிடைச்சுதா?” அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சகஜப் பேச்சில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் மர்ரே பாரிக்கும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சில நிமிட அறிமுகப் பேச்சில் உண்டான அபிப்பிராயமே பிறகு வரும் மதிப்பீட்டையும் வேலை கிடைப்பதையும் தொட்டு நின்றது தெரிந்தது. கேள்விகளே தொடங்காத நேரம் அது. நம் ஊர்க்காரர், நாம் படித்த கல்லூரி, நாம் பார்க்கும் கிரிக்கெட் என்று எதில் ஒட்டிக்கொண்டாலும் அவருக்கு நாம் அறியாமலே மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுகிறோம். இதனால்தான் நேர்காணலை ஒழுங்குபடுத்த விரும்புபவர்களில் சிலர், அறிமுகப் பேச்சே வேண்டாம் என்கிறார்கள். அது ட்ரியர் அறைக்குத் திரும்பிப் போகும் வழி. அதைவிட, தொடக்க வாக்கியங்களை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு வருகிற எல்லோரிடமும் அதையே சொல்வது நல்லது. வாசித்தால்கூடத் தவறில்லை. முதல் கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றே. முதல் மூன்று நிமிடத்தில் கேட்ட எதற்கும் மதிப்பெண் தாளில் இடம் கிடையாது.

அன்பு கூடிப்போவதாலும் கேடு வரும். தொடக்கத்திலேயே “சூப்பர், சூப்பர்” என்று போய்க்கொண்டிருந்தால், வேலை கிடைத்துவிட்டது என்று அந்தப் பெண் வீட்டுக்குப் போன் பண்ணிவிடுவார். தலையாட்டுவதும் “சரி, மேல சொல்லுங்க” என்பதும் போதும். அவை கேட்கிறோம் என்பதற்கு அடையாளம், பாராட்டு ஆகாது.

வீடியோ நேர்காணலில் தொடக்கம் கொஞ்சம் மாறும். அங்கே முதல் பயம் நெட்வொர்க். “உங்க குரல் நல்லாக் கேக்குது. லைன் கட்டானா நாங்களே திரும்பக் கூப்பிடுவோம், அந்த நேரத்தக் கழிக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு மற்றதற்குப் போகலாம். குனிந்து எழுதுவதைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். திரையில் குனிந்த தலை, செல்போன் பார்ப்பதுபோலத்தான் தெரியும்.

இவையெல்லாம் எல்லோருக்கும் பலித்துவிடாது. ஐந்து நிமிடம் கழிந்தும் ஒற்றை வார்த்தையிலேயே பதில் வந்தால், “இப்ப இங்க நிறுத்திக்கலாம். வெளிய உக்காந்து டீ குடிங்க, அடுத்தவர் முடிச்சதும் மறுபடி கூப்பிடறோம். இது யாருக்கு வேணும்னாலும் கொடுக்கற சலுகைதான்” என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை உள்ளே வருபவருக்கு அறை தெரியும், முகங்கள் தெரியும், கேள்வி எந்தப் பக்கமிருந்து வரும் என்பதும் தெரியும். அப்போதும் பதில் வராவிட்டால் தாளில் தயங்காமல் மதிப்பெண் போடலாம்.